பத்துச் சொல்லுக்குள் ஓர் இங்கிலீஷ் ஸ்லோகன்: திண்டிவனம், விழுப்புரம் வீட்டாருக்குச் சில குறிப்புகள்

ஜனவரி பிறந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம். 2021-க்கு முன்பு அது ஒரு வாரமாக இருந்தது. இப்போது மாதம் முழுக்க நடக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு, "அம்மா, மிஸ் இங்கிலீஷ்ல ஸ்லோகன் எழுதிட்டு வரச் சொன்னாங்க, பத்து வார்த்தைக்குள்ள இருக்கணுமாம்" என்று நிற்கும். ஊரில் எண்ணெய்க்கடை வைத்திருக்கும் மச்சானோ, போர்டில் போட இங்கிலீஷில் நாலு வார்த்தை வேண்டும் என்று ஒரு வருஷமாகவே கேட்டுக்கொண்டிருப்பார்.

தமிழில் என்றால் எதுகையும் மோனையும் கேட்காமலே வந்து விழும். இங்கிலீஷில் அதே காதை வைத்துக்கொண்டு எழுதும்போதுதான் சறுக்குகிறது. நமக்கு ஓசை ஒத்துப்போவதாகத் தெரிவது அங்கே ஒத்துப்போவதில்லை. ஓசை ஒத்துப்போய்விட்டால் பொருள் காணாமல் போய்விடுகிறது. இரண்டையும் சரிக்கட்ட உதவும் குறிப்புகள் இவை.

1. முதல் வரியைத் தமிழில் எழுதுங்கள்

இங்கிலீஷில் ஆரம்பித்தால் 'சேஃப்டி ஃபர்ஸ்ட்', 'பீ கேர்ஃபுல்' என்று பழகிய சொற்கள்தான் முதலில் வரும். அவற்றைப் படித்து யாரும் எதையும் செய்வதில்லை, ஏனென்றால் செய்யச் சொல்லி அதில் ஒன்றுமே இல்லை. ஆகவே பேப்பரில் முதலில், யாரிடம் சொல்கிறோம், அவர் என்ன செய்ய வேண்டும், ஏன் என்று ஒரே தமிழ் வாக்கியமாக எழுதி வையுங்கள்.

ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு வழியாக விக்கிரவாண்டி டோல்கேட் வரை ஒரு தரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பைக்காரர்களைக் கவனியுங்கள். ஹெல்மெட் இல்லாதவர்கள் ஒரு கூட்டம். பெட்ரோல் டேங்க் மேல் வைத்திருப்பவர்கள், முழங்கையில் மாட்டியிருப்பவர்கள் இன்னொரு கூட்டம். மூன்றாவது கூட்டம் தலையில் போட்டிருக்கும். தாடைக்குக் கீழே வார் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். இந்த மூன்றாவது கூட்டத்துக்கு 'வேர் ஹெல்மெட்' என்று எழுதிப் பயனில்லை, அவர் போட்டுத்தான் இருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டியது வேறு: வாரை மாட்டாத ஹெல்மெட், தலை தரையில் மோதும் நேரத்தில் தலையில் இருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவும் வாரால் தலையோடு இறுகக் கட்டியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

இந்தத் தமிழ் வாக்கியம் பேப்பரின் மேல்பக்கம் அப்படியே இருக்கட்டும். கடைசியில் எழுதி முடித்த ஸ்லோகனை இதோடு வைத்துத்தான் உரசிப் பார்க்கப் போகிறோம்.

2. இங்கிலீஷ் மோனையைக் காதால் பாருங்கள்

தமிழில் எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய ஒன்று. இங்கிலீஷில் அப்படி இல்லை. 'சைக்கிள் கேர்ஃபுல்லி' என்று எழுதினால் இரண்டும் சி என்ற எழுத்தில் தொடங்குகின்றன, ஆனால் ஒன்று ஸகரம், மற்றது ககரம்; மோனை இல்லை. 'ஃபோன்', 'ஃபாஸ்ட்' இரண்டுக்கும் எழுத்து வேறு, ஒலி ஒன்று. இது நல்ல மோனை. 'நைட்', 'நீ' என்ற முழங்காலும் இப்படித்தான்: ஒன்று என்-னில் தொடங்குகிறது, மற்றது கே-யில், காதுக்கு ஒன்றே. 'ஒன் வே' என்ற பலகையே ஒரு மோனைதான் தெரியுமோ? 'ஒன்' என்ற சொல் ஓ-வில் தொடங்கினாலும் உச்சரிப்பு வகரத்தில் இருக்கிறது.

எங்கே அழுத்தம் விழுகிறது என்பதும் முக்கியம். 'ப்ரொடெக்ட்' என்ற சொல்லில் அழுத்தம் 'டெக்ட்' மேல். அதனால் 'ப்ரொடெக்ட் பீப்பிள்' என்னும்போது தொடக்கத்துப் பகரங்கள் கண்ணில் படுகிற அளவு காதில் விழாது. ஓரசைச் சொற்களாகத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று, நம் யாப்பில் சகரத்துக்குத் தகரமும், மகரத்துக்கு வகரமும், ஞகரத்துக்கு நகரமும் மோனையாக வரலாம். அந்தச் சலுகை இங்கிலீஷில் கிடையாது. 'மஸ்ட் வேர்' என்பது நம் காதுக்கு இனிக்கும்; இங்கிலீஷ்காரர் காதுக்கு இரண்டும் இரண்டு ஒலி.

3. நம் இரண்டு ஊர்ப் பெயர்களும் இரண்டு விதமாக ஏமாற்றும்

விழுப்புரத்துக்காரர் எழுதும் முதல் ஸ்லோகன் பெரும்பாலும் 'விழுப்புரம் வெல்கம்ஸ் யூ' என்று இருக்கும். வி, வெ, நமக்கு அருமையான மோனை. ஆனால் ஊர்ப் பெயருக்கு வி, 'வெல்கம்'முக்கு டபிள்யூ. முதலாவதற்கு மேல்பல் கீழுதட்டைத் தொடும், இரண்டாவதற்கு இரண்டு உதடும் குவியும். இங்கிலீஷ் தாய்மொழிக்காரருக்கு இவை ஒட்டாது. விழுப்புரத்துக்கு ஒட்டுகிற சொற்கள் 'வோட்', 'வாய்ஸ்', 'வேல்யூ', 'விசிட்', 'வில்லேஜ்' போன்றவை. 'விழுப்புரம் வோட்ஸ்' என்று தேர்தல் நேரத்தில் இரண்டே சொல்லில் ஒரு பதாகை எழுதலாம். பார்வைக்கும் காதுக்கும் பொருந்தும்.

திண்டிவனத்தில் நிலைமை தலைகீழ். இங்கிலீஷில் எழுதினால் டி-யில் தொடங்குகிறது. 'திண்டிவனம் டேஸ்ட்' என்று போர்டில் எழுதினால் இரண்டு டி பக்கத்தில் பக்கத்தில் நின்று அழகாகத்தான் இருக்கும். வெளியூர்க்காரர் அதை 'டிண்டிவனம்' என்று படிப்பார், அவருக்கு மோனை கிடைத்துவிடும். உள்ளூர்க்காரருக்கோ 'தி'யும் 'டே'யும் வேறு வேறு, ஒன்றும் ஒட்டாது.

அப்படியானால் எதைப் போடுவது? யார் படிக்கப் போகிறார்கள் என்பதுதான் முடிவு செய்யும். திண்டிவனத்தில் சென்னைச் சாலை பிரிந்து ஒன்று பாண்டிச்சேரிக்கும், ஒன்று விழுப்புரத்துக்கும் போகிறது. செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் சாலையும் அங்கேதான் சேர்கிறது. அங்கே காரில் போகிறவருக்கான போர்டு என்றால் கண்ணுக்கான மோனை போதும். பஸ் ஸ்டாண்டுக்குள் மைக்கில் சொல்லப்போகும் வாசகம் என்றால் காதுக்கானதுதான் வேண்டும். அதே நியாயப்படி, விழுப்புரம் மார்க்கெட்டில் மைக் வைத்து 'வெல்கம்ஸ்' என்று சொன்னால் குடிமுழுகிவிடாது, கேட்பவர் எல்லாருக்கும் அது மோனைதான். மாநிலப் போட்டிக்கு அனுப்பும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

4. ரைம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

நம் எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் இருக்கிறது. இங்கிலீஷ் ரைம் வரியின் கடைசியில் இருக்கிறது. நம் இயைபுக்குத்தான் அது பக்கத்து உறவு. விதி இதுதான்: கடைசியாக அழுத்தம் விழும் உயிரொலியிலிருந்து முடிவுவரை எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும், அந்த உயிருக்கு முன்னால் வரும் மெய் மட்டும் மாற வேண்டும். 'பிரேக்', 'மிஸ்டேக்' இரண்டிலும் 'ஏக்' ஒன்று, முன்னால் வருவது வேறு, சரியான ரைம். 'வெயிட்', 'லேட்' எழுத்தில் வேறுபட்டாலும் உச்சரிப்பில் ஒன்று, சரி.

பள்ளிக்கூட நோட்டுகளில் அதிகம் சறுக்குவது எழுத்து ஒத்திருக்கும் சொற்களில்தான். 'ஸ்லோ', 'நௌ' இரண்டும் ஓ, டபிள்யூ என்று முடிகின்றன, ஒலியில் சேராது. 'ஒர்க்', 'ஃபோர்க்' சேராது. 'ரோட்', 'ப்ராட்' சேராது. 'குட்', 'ஃபூட்' இரண்டில் ஒன்று குறில், ஒன்று நெடில். நாம் குறில் நெடில் பார்த்து வளர்ந்தவர்கள், இதிலாவது ஏமாறக் கூடாது.

சந்தேகம் வந்தால் கைப்பேசியில் ஏதாவது ஓர் இங்கிலீஷ் அகராதியைத் திறந்து ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு இரண்டு சொல்லையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். rhymezone.com என்ற தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் அதோடு ஒத்துவரும் சொற்களை அசை எண்ணிக்கைப்படி அடுக்கித் தரும். ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சொல் கிடைத்துவிட்டதே என்று அதற்காகப் பொருளை வளைக்கத் தோன்றும்.

5. ஹெல்மெட் ஸ்லோகனைச் செதுக்கிப் பார்ப்போம்

மேலே எழுதி வைத்த தமிழ் வாக்கியத்துக்கு வருவோம். அதில் உயிரான சொற்கள் இரண்டு: வார், இல்லாமல் போவது. இங்கிலீஷில் 'ஸ்ட்ராப்' கட்டாயம் வர வேண்டும்.

முதலில் வருவது 'ஸ்னாப் த ஸ்ட்ராப்'. வாரை மாட்டு என்று பொருள். 'ஸ்னாப்', 'ஸ்ட்ராப்' ரைமும் உண்டு, ஸகர மோனையும் உண்டு. மூன்றே சொல். கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறதே தவிர ஏன் என்று சொல்லவில்லை. அதோடு 'ஸ்னாப்' என்றால் அறுந்துபோவது என்றும் ஒரு பொருள் இருக்கிறது. வார் அறுந்துபோகட்டும் என்று யாராவது படித்தால் காரியம் கெட்டது.

அடுத்து 'ஸ்ட்ராப் அன்டன், ஹெல்மெட் கான்'. வாரை அவிழ்த்துவிட்டால் ஹெல்மெட் போச்சு. பொருள் பிரமாதம், நாலே சொல், 'அன்டன்'னும் 'கான்'னும் இங்கிலீஷ் எழுத்தில் ஓ, என், இ என்றே முடிகின்றன. நோட்டில் பார்த்தால் ரைம் மாதிரியே இருக்கும். வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலாவதில் 'அ'கரம், இரண்டாவதில் 'ஆ' போல வாய் திறக்கும் ஒகரம். சேரவில்லை. போன குறிப்பில் சொன்ன அதே கண்ணி.

'அன்டன்'னோடு நிஜமாகவே சேருகிற சொற்கள் 'ரன்', 'சன்', 'கன்', 'நன்'. கடைசியாக உள்ள 'நன்'னுக்கு ஒன்றுமில்லை என்று பொருள், அதுவும் ஓ, என், இ என்றே முடிகிறது. ஆக கண்ணுக்கும் ரைம், காதுக்கும் ரைம். இப்போது 'ஸ்ட்ராப் அன்டன், சேஃப்டி நன்' என்று எழுதத் தோன்றும், ஏனென்றால் 'ஸ்ட்ராப்', 'சேஃப்டி' இரண்டுக்கும் ஸகரம் கிடைக்கிறது. இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். 'சேஃப்டி' என்பது மங்கலான சொல். பாதுகாப்பு துளியும் இல்லை என்பது மிகையும்கூட. வார் போடாதவனுக்கு நடப்பது ஹெல்மெட் கழன்று பறப்பது. அதைச் சொல்ல 'ஸ்ட்ராப் அன்டன், ஹெல்மெட் நன்' என்றால் போதும். வாரை அவிழ்த்துவிட்டாயா, அப்படியானால் உனக்கு ஹெல்மெட்டே இல்லை. மோனையை விட்டுக்கொடுத்துப் பொருளைக் காப்பாற்றியாயிற்று. ரைம் இருக்கிறது, அது போதும்.

இலக்கணம் இடிக்கிறதே என்று டீச்சர் கேட்டால், தமிழ்ப் பழமொழியிலும் வினைமுற்றை விட்டுவிடுகிறோம் அல்லவா என்று சொல்லுங்கள். ஸ்லோகனில் 'இஸ்', 'த' போன்றவை விழுந்துபோவது வழக்கம்தான். அர்த்தம் தடுமாறினால்தான் தப்பு.

6. 'ஷன்' கூட்டத்தைக் கிட்டே சேர்க்காதீர்கள்

'எஜுகேஷன்', 'டொனேஷன்', 'ட்ரான்ஸ்போர்டேஷன்', 'செலிப்ரேஷன்'. நூற்றுக்கணக்கில் சொற்கள் இப்படி முடிவதால் ரைம் கேட்காமலே கிடைக்கும். கேட்காமல் கிடைப்பது நினைவில் நிற்காது. எல்லாமே மூன்று நாலு அசைச் சொற்கள், கேட்பதற்கு சர்க்கார் சுற்றறிக்கை.

7. ரைமைக் கழற்றிவிட்டுப் படியுங்கள்

எதுகை மோனையோடு சொன்னால் பொய்யும் மெய்யாகத் தோன்றும் என்பது வெறும் பேச்சில்லை. அமெரிக்காவில் மேத்யூ மெக்லோன், ஜெசிகா டோஃபிக்பக்ஷ் என்ற இருவர் இதைச் சோதித்து 2000-இல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அதிகம் தெரியாத பழமொழிகளை எடுத்தார்கள். குடிக்காதபோது மறைவது குடித்தால் வெளிப்படும் என்ற கருத்தை ஒரு குழுவுக்கு 'கன்சீல்ஸ்', 'ரிவீல்ஸ்' என்ற ரைமோடு கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு 'ரிவீல்ஸ்' இருந்த இடத்தில் 'அன்மாஸ்க்ஸ்' என்று போட்டார்கள். பொருள் ஒன்றே, ஓசை மட்டும் போய்விட்டது. மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை இது எந்த அளவு சரியாகச் சொல்கிறது என்று கேட்டதில், ரைம் இருந்தவற்றையே அதிகம் சரி என்றார்கள். சொன்ன அழகை ஒதுக்கிவிட்டுக் கருத்தை மட்டும் பாருங்கள் என்று எச்சரித்தபோது அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது.

எழுதுகிறவருக்கு இதில் ஒரு பாடம். உங்கள் ஸ்லோகனில் ரைம் சொல்லை எடுத்துவிட்டு அதே பொருளுள்ள சாதாரணச் சொல்லைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் உண்மையாக, சொல்லத் தக்கதாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். சிரிப்பு வந்தால் தூக்கிப்போடுங்கள்.

நெடுஞ்சாலைப் பலகைகளில் நாம் பார்த்துச் சலித்த 'ஸ்பீட் த்ரில்ஸ் பட் கில்ஸ்'-ஐ இப்படிக் கழற்றிப் பாருங்கள். வேகம் குஷிதான், ஆனால் கொல்லும். இன்னும் உண்மையாகவே இருக்கிறது. குஷி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டுப் பேசுவதுதான் அதன் பலம். பையனுக்குத் தெரிந்ததை மறுக்காமல் ஆரம்பிக்கிறது. அதன் குறை, எல்லாப் பலகையிலும் இருப்பதால் இப்போது யார் கண்ணிலும் படாமல் போனது. பிள்ளைகள் போட்டிக்கு அதையே ஒரு சொல் மாற்றி எழுதுவதைத் தடுத்துவிடுங்கள், நடுவர் அதை ஏற்கெனவே நாற்பது நோட்டில் பார்த்திருப்பார்.

8. சொல்ல வந்த பொருளே ரைமுக்குள் இருக்கட்டும்

அமுல் வெண்ணெய் விளம்பரத்தின் 'அட்டர்லி பட்டர்லி' 1966-இல் தொடங்கியது. சில்வெஸ்டர் டகுன்யா தலைமையில் உருவானது. 'அட்டர்லி'யோடு 'பட்டர்லி'யைச் சேர்த்தவர் அவர் மனைவி நிஷா என்று சொல்வார்கள். 'பட்டர்லி' என்று இங்கிலீஷில் ஒரு சொல்லே கிடையாது. ஆனால் ரைமுக்காக உண்டாக்கிய அந்தச் சொல்லின் வயிற்றுக்குள் 'பட்டர்' இருக்கிறது. ஓசை ஞாபகம் வந்தால் பொருளும் கூடவே வந்துவிடும், பிரிக்க முடியாது.

அதைவிட நமக்குப் பயன்படுவது 1993-இல் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் சீட் பெல்ட்டுக்காக வந்த 'க்ளிக் இட் ஆர் டிக்கெட்'. 'க்ளிக் இட்' இரண்டு சொல், 'டிக்கெட்' ஒரு சொல். 'இக்கிட்' என்ற இரண்டு அசையும் அப்படியே ஒத்துப்போகின்றன. அங்கே டிக்கெட் என்றால் போலீஸ் தரும் அபராதச் சீட்டு. பெல்ட்டை மாட்டு, இல்லையென்றால் அபராதம் கட்டு. செய்ய வேண்டியது ஒரு பக்கம், செய்யாவிட்டால் வருவது மறுபக்கம், நடுவில் 'ஆர்'. அங்கே போலீஸ் சோதனையும் கூடவே நடந்ததால்தான் அது வெறும் மிரட்டலாகப் போகவில்லை. இதையே நம்மூரில் எழுதினால் டிக்கெட் என்றதும் பஸ் டிக்கெட்தான் ஞாபகம் வரும், ஆகவே இரவல் வாங்காதீர்கள். அமைப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதிக்க ஒரு வழி: உங்கள் ஸ்லோகனில் ஹெல்மெட் இருந்த இடத்தில் டூத்பேஸ்ட் என்று போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் நீங்கள் ஹெல்மெட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

9. எண்ணெய்க்கடை மச்சானுக்கு

மல்லாட்டை விளையும் சீமை நம்முடையது. வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர் வைப்பதே ஊர்ப் பெயரால்தான். ஆகவே மரச்செக்கு எண்ணெய் விற்கும் கடைக்கு இங்கிலீஷில் சொல்வதற்கு நிஜமாகவே விஷயம் உண்டு.

மச்சான் ஆசைப்படுவது 'ப்ரெஸ்ட், நாட் ப்ராசெஸ்ட்' மாதிரி ஒன்று. ஓசை அசத்தல், 'ப்ரெஸ்ட்' அப்படியே 'ப்ராசெஸ்ட்'டுக்குள் எதிரொலிக்கிறது. ரைமைக் கழற்றிப் பாருங்கள்: ஆட்டியது, பதப்படுத்தியது அல்ல. செக்கில் ஆட்டுவதும் ஒரு பதப்படுத்தல்தானே, மச்சான்? ரீஃபைன் செய்யாதது என்று சொல்ல வந்து வேறெதையோ சொல்லியிருக்கிறோம். 'ப்யூர்', 'பெஸ்ட்', 'ப்ரீமியம்' எல்லாம் பகர மோனைக்குத் தோதாக வரிசையில் வந்து நிற்கும். அவற்றை எதிர்க்கடைக்காரரும் போட்டிருப்பார்.

மல்லாட்டை கடைக்கு எப்படி வந்து எப்படிப் போகிறது என்று வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். தோலோடு காயாக வருகிறது, உடைத்துப் பருப்பைச் செக்கில் ஆட்டுகிறார், எண்ணெய் வீட்டு வாணலிக்குப் போகிறது. தோலோடிருக்கும் காய்க்கு 'பாட்', ஆட்டுவதற்கு 'ப்ரெஸ்', வாணலிக்கு 'பேன்'. மூன்றும் பகரம், மூன்றும் ஓரசை, மூன்றும் நிஜமான மூன்று இடங்கள். 'ஃப்ரம் பாட் டு ப்ரெஸ் டு பேன்'. ரைம் இல்லை, வேண்டியதும் இல்லை. மோனையே வரியை இழுத்துக்கொண்டு போகிறது. கடைசிச் சொல்லுக்குப் பானை என்று பொருள்படும் சொல்லைப் போட்டுவிடாதீர்கள். நம் வாயில் அதுவும் 'பாட்', காயும் 'பாட்', கேட்பவர் குழம்புவார்.

இந்த வரி எல்லாக் கடைக்கும் பொருந்தாது என்பதுதான் இதன் மதிப்பு. காயாக வாங்கி உடைக்கிறவர்தான் இதைப் போட முடியும். பருப்பாக மூட்டையில் வாங்குகிறவர் 'பாட்' என்று எழுதினால் பொய். எண்ணெயையே டின்னில் வாங்கி ஊற்றி விற்பவருக்கு மிஞ்சுவது 'பேன்' மட்டும்தான்.

10. சாலையோர போர்டுக்குச் சொற்களை எண்ணுங்கள்

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 22 மீட்டர் கடக்கிறது. ஒரு சென்டிமீட்டர் உயர எழுத்தை நல்ல வெளிச்சத்தில் தோராயமாக 6 மீட்டரிலிருந்து படிக்கலாம் என்று கணக்கு வைத்தால், 15 சென்டிமீட்டர் எழுத்து 90 மீட்டரில் தெளிவாகும். பலகையைத் தாண்ட நாலு நொடி. அந்த நாலு நொடியில் ஓட்டுகிறவர் சாலையையும் பார்க்க வேண்டும். ஆறு சொல்லுக்கு மேல் எழுதினால் பின் சீட்டில் இருப்பவர்தான் படித்து முடிப்பார். 'ஸ்ட்ராப் அன்டன், ஹெல்மெட் நன்' நாலு சொல், தாங்கும். ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி பூ, புறா, தலைவர் படம் எல்லாம் சேர்த்துத் தருவதாகச் சொல்வார். சேர்த்தால் எழுத்து சிறுத்துப்போகும், கணக்கு கெட்டுவிடும்.

வகுப்புப் போட்டிக்கு இந்தக் கவலை இல்லை. பத்துச் சொல் என்றால் பத்து வரை போகலாம், ஆனால் விதியை ஒருமுறை நன்றாகப் படியுங்கள். நடுவில் கோடு போட்டு இணைத்த சொல்லைச் சிலர் ஒன்றாகவும் சிலர் இரண்டாகவும் எண்ணுவார்கள். அப்படிப்பட்ட சொல்லையே தவிர்த்துவிட்டால் தகராறு இல்லை.

11. அனுப்புவதற்கு முன் இரண்டு சோதனை

முதலாவது, ஸ்லோகனை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். ரைம் நன்றாக அமைந்த சின்ன வரிகள் பலருக்கும் தனித்தனியாகத் தோன்றக்கூடியவை. வேறொருவர் ஏற்கெனவே போட்டிருந்தால் போட்டியில் காப்பி என்று தள்ளிவிடுவார்கள், கடை போர்டு என்றால் வம்பும் வரலாம்.

இரண்டாவது, வேறு ஊரில் இருக்கும் சித்தியையோ அத்தையையோ ஃபோனில் கூப்பிட்டு ஒரே ஒரு முறை சொல்லுங்கள். எழுதிக்கொள்ளச் சொல்லாதீர்கள். வீட்டு விஷயம் பேசிவிட்டு, வைப்பதற்கு முன், "நான் சொன்னேனே அந்த இங்கிலீஷ் வரி, அது என்ன சித்தி?" என்று கேளுங்கள். சொற்கள் ஓரளவு மாறி வந்தால் ஓசை போதவில்லை. சொற்கள் சரியாக வந்து, "ஆனா அதுக்கு என்னடி அர்த்தம்?" என்று அவர் திருப்பிக் கேட்டால், முதல் குறிப்பில் எழுதி வைத்த தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள்.